முதல் நிமிடம் லேசு, பிறகு பாரம்: 60-க்கும் 59.94-க்கும் நடுவில் சிக்கிய மவுஸ்

விளையாட்டைத் திறந்ததும் மவுஸ் விரலோடு ஒட்டிக்கொண்டு நகர்கிறது. ஒரு நிமிடம் போனதும் தேனில் நனைந்ததுபோல் இழுக்கிறது. Alt+Tab அழுத்தி வெளியே போய்த் திரும்பி வந்தால் மறுபடி லேசாகிறது. இன்னொரு நிமிடத்தில் பழையபடி பாரம். ஃபிரேம் எண்ணிக்கையைப் பார்த்தால் முழு நேரமும் 60 என்றே நிற்கிறது. கிராபிக்ஸ் கார்டு பாதி வேலைகூடச் செய்யவில்லை. மவுஸை மாற்றுவது, யூ.எஸ்.பி போர்ட்டை மாற்றுவது, டிரைவரை அழித்து மறுபடி நிறுவுவது என்று எல்லாம் செய்து பார்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பழுதான பொருள் அங்கே எதுவுமே இல்லை. மூன்று அமைப்புகள் மூன்று வேறு எண்களை நம்பிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

மானிட்டர் ஒரு நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது முதல் எண். விளையாட்டு ஒரு நொடிக்கு எத்தனை ஃபிரேம் செய்கிறது என்பது இரண்டாவது. அதைக் கட்டுப்படுத்த நாம் போட்டிருக்கும் ஃபிரேம் லிமிட்டர் மூன்றாவது. இந்த மூன்றுக்கும் நடுவில் நின்று, யார் யாருக்காகக் காத்திருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது விசிங்க். மெனுவில் இவை தனித்தனி வரிகளாக இருப்பதால் தனித்தனி விஷயங்கள் என்று தோன்றுகிறது. உண்மையில் ஒன்றை மாற்றினால் மற்றதன் பொருளே மாறிவிடும்.

திரையில் படம் எப்படி வருகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். மானிட்டர் ஒரு படத்தை ஒரே கணத்தில் பளிச்சென்று காட்டுவதில்லை. மேல் வரியில் தொடங்கி கீழ் வரி வரைக்கும் ஒவ்வொரு வரியாக வாங்கி வரைகிறது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் இந்த இறக்கம் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிநொடி. கீழே போய்ச் சேர்ந்ததும் மறுபடி மேலே தொடங்குவதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி உண்டு. விசிங்க் இல்லாதபோது, கிராபிக்ஸ் கார்டு புது ஃபிரேம் தயாரானதுமே பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துவிடும். அந்த நேரத்தில் மானிட்டர் பாதித் திரையில் இருந்தால், மேல்பாதி பழைய படம், கீழ்பாதி புதிய படம். கதவு நிலை, விளக்குக் கம்பம் போன்ற நேர்க்கோடுகள் அந்த இடத்தில் வெட்டி நகர்த்தி வைத்ததுபோலத் தெரியும். இதுதான் டியரிங். விசிங்க் போட்டால், மாற்றுவதை அந்தச் சின்ன இடைவெளி வரைக்கும் தள்ளிப்போடுகிறது. கிழிசல் போய்விடும். ஆனால் தயாரான ஃபிரேம் இனிமேல் எங்கோ நின்று காத்திருக்க வேண்டும். கை அசைவு திரைக்கு வந்து சேர ஆகும் தாமதம், அதாவது இன்புட் லேக், பிறப்பது அந்தக் காத்திருக்கும் இடத்தில்தான்.

வரிசை நிரம்பும் கணக்கு

நொடிக்கு 200 ஃபிரேம் செய்யக்கூடிய கணினி, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர், விசிங்க் போட்டாயிற்று, லிமிட்டர் இல்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் ஃபிரேம் 5 மில்லிநொடியில் தயார். மானிட்டர் இன்னும் கேட்கவில்லை. சும்மா இருக்காமல் விளையாட்டு அடுத்ததையும் செய்துவிடும், பிறகு அதற்கடுத்ததையும். விண்டோஸில் டைரக்ட்எக்ஸ் 11 விளையாட்டுகளுக்கு இந்த வரிசையின் இயல்பான நீளம் மூன்று ஃபிரேம். விளையாட்டை எழுதியவர் விரும்பினால் குறைத்துக்கொள்ளலாம், பல புதிய விளையாட்டுகள் குறைத்துத்தான் வைத்திருக்கின்றன. வரிசை நிரம்பிய பிறகுதான் விளையாட்டு நிறுத்தப்படுகிறது. இப்போது நீங்கள் மவுஸை அசைத்தால், அந்த அசைவு வரிசையின் கடைசியில் நிற்கும் ஃபிரேமில்தான் ஏறும். முன்னால் நிற்பவை எல்லாம் ஒவ்வொன்றாக 16.7 மில்லிநொடி எடுத்துக்கொண்டு போய் முடிந்த பிறகே உங்கள் அசைவு திரைக்கு வரும். மூன்று ஃபிரேம் என்றால் 50 மில்லிநொடி. கையில் நன்றாகவே தெரியும் தாமதம் அது.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் அடுத்துச் செய்வது லிமிட்டரை 60-இல் வைப்பது. மானிட்டர் 60, லிமிட்டர் 60, கணக்கு நேர் என்று நினைக்கத் தோன்றும். முதலில் சொன்ன சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

60 ஹெர்ட்ஸ் என்று பெட்டியில் அச்சடித்திருக்கும் மானிட்டர் பெரும்பாலும் சரியாக 60-இல் ஓடுவதில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சி 1953-இல் வண்ணத்துக்கு மாறியபோது 60 என்ற வேகத்தை 1.001-ஆல் வகுத்துச் சற்றுக் குறைத்தார்கள். அந்த 59.94 இன்றைக்கும் காட்சிச் சாதனங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது தவிர, திரை வேகம் என்பது ஒரு நொடிக்கு அனுப்பும் பிக்சல்களை, ஒரு படத்துக்கான மொத்தப் பிக்சல்களால் வகுத்து வருவது. அந்த வகுத்தல் எல்லா மானிட்டருக்கும் முழு எண்ணாக வருவதில்லை. மடிக்கணினிகளில் அதிகம் புழங்கிய 1366x768 திரையின் வழக்கமான கணக்கைப் போட்டால் 59.79 வரும். விண்டோஸ் 11-இல் `Settings > System > Display > Advanced display` திறந்தால் 59.94, 59.95, 143.98 என்று உடைந்த எண்கள் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

59.94-ஐ எடுத்துக்கொண்டு கணக்கைப் போடலாம். விளையாட்டு நொடிக்கு 60 ஃபிரேம் செய்கிறது. மானிட்டர் 59.94 எடுத்துக்கொள்கிறது. நொடிக்கு 0.06 ஃபிரேம் மிச்சம். ஒன்றை 0.06-ஆல் வகுத்தால் 16.7. அதாவது 16.7 நொடிக்கு ஒரு முழு ஃபிரேம் வரிசையில் கூடுதலாகச் சேர்கிறது. மூன்று ஃபிரேம் வரிசை நிரம்ப 50 நொடி. அதுவரைக்கும் தாமதம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும், கைக்குப் புலப்படாத வேகத்தில். நிரம்பிய பிறகு லிமிட்டர் இருந்தும் இல்லாத மாதிரிதான். விளையாட்டைத் தடுத்து நிறுத்துவது விசிங்க் வரிசையே தவிர, லிமிட்டர் அல்ல. ஒரு நிமிடத்துக்குள் மவுஸ் பாரமாவது இதனால்தான். Alt+Tab அழுத்தி வெளியே போகும்போது வரிசை காலியாகிவிடுவதால் சற்று நேரம் லேசாகிறது.

இதே காரணத்தால் இன்னொரு விசித்திரமும் நடக்கும். புது இடத்துக்குள் நுழையும்போது விளையாட்டு கால் நொடி திக்கினால், அந்தத் திக்கலுக்குப் பிறகு மவுஸ் முன்பைவிட நன்றாக இருக்கும். திக்கிய நேரத்தில் மானிட்டர் வரிசையில் இருந்ததை எல்லாம் எடுத்துத் தீர்த்துவிட்டது. திக்கலுக்குப் பின் சுகமாகிறது என்றால், உங்கள் லிமிட்டர் திரை வேகத்துக்குச் சற்று மேலே நிற்கிறது என்று தயங்காமல் முடிவு செய்யலாம். இந்த ஒரு அறிகுறிக்கு ஈடாக வேறெதுவும் எனக்குத் தெரியாது, எந்தக் கருவியும் இல்லாமல் கண்டுபிடித்துவிடலாம்.

எவ்வளவு கீழே வைப்பது

சரி, திரை வேகத்துக்குக் கீழே வைக்க வேண்டும். எவ்வளவு கீழே? இணையத்தில் அதிகம் காணப்படும் அறிவுரை "மூன்று குறைத்து வை" என்பது. அது தவறல்ல. ஆனால் அது விளையாட்டின் ஃபிரேமுக்கு ஏற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் வகை மானிட்டர்களுக்கானது. வேகம் மாறாத சாதாரண மானிட்டரில் 57 என்று வைத்தால், மானிட்டர் நொடிக்கு மூன்று முறை கேட்கும்போது புது ஃபிரேம் இருக்காது. பழையதையே மறுபடி காட்டும். கேமராவை மெதுவாகத் திருப்பினால் நொடிக்கு மூன்று முறை குலுங்குவது தெரியும். 59 வைத்தாலும் ஏறக்குறைய நொடிக்கு ஒரு குலுக்கல். இரண்டு வகை மானிட்டருக்குமான அறிவுரைகளை ஒன்றாகக் கலந்துவிடுவதுதான் இந்த விஷயத்தில் நான் காணும் மிகப் பெரிய குழப்பம்.

வேகம் மாறாத மானிட்டருக்கு வேண்டியது திரை வேகத்துக்கு 0.01 மட்டும் கீழே. 59.94 என்றால் 59.93. வித்தியாசம் நொடிக்கு 0.01 என்பதால், 100 நொடிக்கு ஒரே ஒரு ஃபிரேம் இரண்டு முறை காட்டப்படும். அதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. வரிசை ஒருபோதும் நிரம்பாது. காத்திருப்பு ஒரு திரைச் சுற்றுக்குள், அதாவது 16.7 மில்லிநொடிக்குள்ளேயே நிற்கும்.

0.01 குறைக்க வேண்டுமென்றால் உண்மையான வேகம் மூன்று தசம இடத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். விண்டோஸ் காட்டும் எண் போதாது. அது மானிட்டர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் எண். உண்மையில் ஓடும் வேகம் அதிலிருந்து கடைசி இலக்கங்களில் விலகும். அளப்பதற்கு `testufo.com/refreshrate` அல்லது `vsynctester.com` பக்கத்தைத் திறந்து, வேறு டாப்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டு, பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள். முதல் நிமிடத்தில் கடைசி இலக்கங்கள் ஆடிக்கொண்டிருக்கும், போகப்போக நிலைக்கும். இரண்டு மானிட்டர் இணைத்திருந்தால், அளக்கும் நேரத்துக்கு மற்றதைக் கழற்றிவிடுவது நல்லது. பிரவுசர் எந்தத் திரையோடு ஒத்திசைகிறது என்பது சிலசமயம் குழம்பும். விளையாட்டு எந்த ரெசல்யூஷனில் ஓடுமோ அதே ரெசல்யூஷனில் அளக்க வேண்டும். ரெசல்யூஷன் மாறினால் மொத்தப் பிக்சல் கணக்கு மாறும், வேகமும் நூலிழை மாறும்.

விளையாட்டு மெனுக்களில் உள்ள லிமிட்டர் பெரும்பாலும் முழு எண்களை மட்டுமே ஏற்கும். தசமத்துக்கு வழக்கமாகப் பயன்படுவது ரிவாட்யூனர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சர்வர் என்ற நிரல். கிராபிக்ஸ் கார்டைக் கண்காணிக்கும் ஆஃப்டர்பர்னர் நிரலோடு கூடவே நிறுவப்படுவதால் பலரிடம் ஏற்கெனவே இருக்கும். அதை முழுக்க மூடிவிட்டு, அது நிறுவப்பட்ட ஃபோல்டரில் `Profiles` என்பதற்குள் உள்ள `Global` கோப்பை நோட்பேடில் நிர்வாகி உரிமையோடு திறந்து, இந்த இரண்டு வரிகளையும் மாற்ற வேண்டும்:

```
[Framerate]
Limit=59930
LimitDenominator=1000
```

59930-ஐ 1000-ஆல் வகுத்தால் 59.93. சேமித்துவிட்டு நிரலைத் திறந்தால் போதும். ஒரே ஒரு விளையாட்டுக்கு மட்டும் வேண்டுமென்றால், அந்த விளையாட்டின் பெயரில் ஒரு ப்ரொஃபைல் சேர்த்து, அதே ஃபோல்டரில் உருவாகும் `.cfg` கோப்பில் இதே மாற்றத்தைச் செய்யலாம். எல்லா விளையாட்டுக்கும் பொதுவாகப் போடுவதைவிட அது பாதுகாப்பு. வேறொரு ரெசல்யூஷனில் ஓடும் விளையாட்டுக்கு இந்த எண் பொருந்தாமல் போகலாம்.

இதைச் செய்யும்போது விளையாட்டுக்குள் இருக்கும் லிமிட்டரை அணைத்துவிடுங்கள். அணைக்க வழியில்லாவிட்டால் மிக உயரமான எண்ணில் வையுங்கள். டிரைவரில் உள்ள லிமிட்டரும் அணைந்திருக்க வேண்டும். ஒரே எண்ணில் இரண்டு லிமிட்டர் இருந்தால் ஒன்று இன்னொன்றுக்கு உதவும் என்று எண்ணிப் பலர் இரண்டிலும் 60 போடுகிறார்கள். இரண்டும் தனித்தனிக் கடிகாரம். சில ஃபிரேம்களை ஒன்று பிடித்து நிறுத்தும், சிலவற்றை மற்றது. ஃபிரேம் நேரத்தின் கோடு சமமாக ஓடாமல் ரம்பப் பல்லாகிவிடும். விசிங்க்கும் அப்படியே. விளையாட்டிலும் டிரைவரிலும் சேர்த்துப் போட வேண்டியதில்லை, ஏதாவது ஒரு இடத்தில் இருந்தால் போதும்.

இன்னொன்று. இத்தனையும் பலிக்க வேண்டுமென்றால் கணினி அந்த வேகத்தை எப்போதும் தொடக்கூடியதாக இருக்க வேண்டும். விசிங்க், லிமிட்டர் இரண்டையும் அணைத்துவிட்டு, விளையாட்டில் மிகக் கனமான இடத்துக்குப் போய் ஃபிரேம் எண்ணிக்கை எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 52-க்கு இறங்குகிறது என்றால் முதலில் நிழல், பிரதிபலிப்பு போன்றவற்றைக் குறைத்து 65, 70-க்குக் கொண்டுவாருங்கள். ஒரு ஃபிரேம் 16.7-க்குப் பதில் 17 மில்லிநொடி எடுத்தாலும் விசிங்க்கில் அது அடுத்த சுற்றுவரைக்கும் காத்திருந்தாக வேண்டும். ஃபிரேமை வைக்கும் இடம், அதாவது பஃபர், இரண்டே வைத்து ஓடும் விளையாட்டில் 60 சட்டென்று 30 ஆகிவிடும். அந்த நேரத்தில் எந்த லிமிட்டர் எண்ணும் காப்பாற்றாது.

கிழிசல் கோடு சொல்லும் சேதி

விசிங்க்கே வேண்டாம், கிழிசல் இருந்தாலும் பரவாயில்லை, கை வேகம்தான் முக்கியம் என்பவர்களும் உண்டு. போட்டியாக ஆடுபவர்களுக்கு அது நியாயமான தேர்வு. ஆனால் அவர்களும் லிமிட்டரைத் திரை வேகத்திலேயே வைத்துவிட்டு, கிழிசல் முன்பைவிட மோசமாகிவிட்டதாகச் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரிதான். கேமரா நொடிக்கு 1920 பிக்சல் தூரம் திரும்புகிறது என்று கொள்வோம். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் அடுத்தடுத்த இரண்டு ஃபிரேமுக்கு நடுவே படம் 32 பிக்சல் நகர்ந்திருக்கும். கிழிசலில் கம்பம் 32 பிக்சல் வெட்டி நகர்ந்து நிற்கும். லிமிட்டரை எடுத்துவிட்டு 200 ஃபிரேம் ஓடவிட்டால் ஒரு சுற்றில் மூன்று கிழிசல் வரும், ஆனால் ஒவ்வொன்றிலும் நகர்வு 10 பிக்சலுக்கும் குறைவு. எண்ணிக்கை கூடினாலும் கண்ணுக்கு உறுத்தல் குறையும்.

அதைவிடத் தொல்லை, 60-உம் 59.94-உம் இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் கிழிசல் ஒரே கோடாக நின்று, நத்தைபோல ஊர்ந்து போவது. விளையாட்டு மானிட்டரைவிடச் சற்று வேகமாக இருந்தால், ஒவ்வொரு முறையும் மாற்றம் சற்று முன்னதாக நடக்கும், அதாவது திரையில் சற்று மேலே. கோடு கீழிருந்து மேலே ஏறும். லிமிட்டர் திரை வேகத்துக்குக் கீழே இருந்தால் கோடு மேலிருந்து கீழே இறங்கும். 0.06 வித்தியாசத்தில் திரையைக் கடக்க 16.7 நொடி ஆகும். இதையே அளவுகோலாகப் பயன்படுத்தலாம். விசிங்க்கை அணைத்து, லிமிட்டர் எண்ணைப் போட்டு, உயரமான கம்பம் தெரியும் இடத்தில் நின்று கேமராவை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே கோட்டைக் கவனியுங்கள். அது மெதுவாகக் கீழே இறங்கினால் உங்கள் எண் சரியான பக்கத்தில் இருக்கிறது. மேலே ஏறினால் இன்னும் குறைக்க வேண்டும். பிறகு விசிங்க்கைப் போட்டுக்கொள்ளலாம். தளத்தில் அளந்த எண்ணில் சந்தேகம் வரும்போதெல்லாம் இந்தச் சோதனையைத்தான் நான் நம்புவேன்.

இந்தச் சோதனையை முழுத்திரை முறையில் செய்யுங்கள். எல்லையில்லாச் சாளரமாக ஓடும் விளையாட்டில் விண்டோஸ் தானே படங்களை ஒன்றுசேர்த்துத் திரைக்கு அனுப்பக்கூடும். அப்போது விசிங்க்கை அணைத்திருந்தாலும் கிழிசல் தெரியாது. விளையாட்டு மெனுவில் Off, ஆனால் கிழிசலும் இல்லை, மவுஸ் மட்டும் சற்றுப் பாரம் என்று இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். விண்டோஸ் 11-இல் `Settings > System > Display > Graphics` பகுதியில் `Optimizations for windowed games` என்ற ஒன்று உண்டு. பழைய டைரக்ட்எக்ஸ் 10, 11 விளையாட்டுகளுக்கு அதைப் போட்டால் சாளரத்தில் ஓடும்போதும் இந்த இடைத்தரகு விலகும்.

வேகம் மாறும் மானிட்டர் என்றால்

ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் மானிட்டர்களில் காத்திருப்பது தலைகீழாகிறது. ஃபிரேம் தயாராகும்வரை மானிட்டர் காத்திருக்கும். ஆனால் அதற்கு ஒரு எல்லை உண்டு. 48 முதல் 144 என்று ஒரு மானிட்டருக்கு இருந்தால், 144-ஐத் தாண்டியதும் அது சாதாரண மானிட்டராகிவிடுகிறது. விசிங்க் இருந்தால் வரிசை, இல்லாவிட்டால் கிழிசல். அதனால்தான் இங்கே மூன்று குறைத்து 141. மானிட்டர் காத்திருக்கும் என்பதால் குலுக்கல் வராது. ஒன்று குறைத்தால் போதாதா என்றால், லிமிட்டர் பிடிப்பது சராசரியைத்தான். 141 என்றால் ஒரு ஃபிரேமுக்கு 7.09 மில்லிநொடி, மானிட்டரின் எல்லை 6.94. தனி ஃபிரேம் ஒன்று இடையில் முந்திக்கொண்டு வராமல் தடுக்க அந்த இடைவெளியே சிறியதுதான்.

அப்படி முந்தி வரும் ஒன்றிரண்டுக்காகத்தான் இங்கேயும் விசிங்க் தேவைப்படுகிறது. என்விடியா கார்டில் கன்ட்ரோல் பேனலில் `Manage 3D settings` போய் `Vertical sync` என்பதை `On` ஆக்கி, விளையாட்டுக்குள் இருப்பதை அணைத்துவிடுவதே எளிது. லிமிட்டர் கீழே பிடித்திருப்பதால் விசிங்க்குக்கு வேலை வருவது அபூர்வம், ஆகவே வரிசையும் சேராது. விசிங்க் என்றாலே தாமதம் என்று பயந்து அதை அணைப்பவர்கள், திரையின் அடிப்பகுதியில் அவ்வப்போது ஒரு கிழிசல் மின்னுவதைப் பார்ப்பார்கள்.

இதே கார்டில், தாமதத்தைக் குறைக்க என்விடியா தரும் ரிஃப்ளெக்ஸ் வசதி உள்ள விளையாட்டு ஓடும்போது, 141 போட்டிருந்தும் எண் 138-இல் நிற்கும். எங்கோ தவறு என்று தேட வேண்டாம். ஜி-சிங்க், டிரைவர் விசிங்க், ரிஃப்ளெக்ஸ் மூன்றும் சேர்ந்தால் டிரைவரே 144-க்கு 138 என்று கட்டிவிடும். அந்த விளையாட்டுக்கு உங்கள் லிமிட்டர் தேவையே இல்லை.

விலை குறைந்த 75 ஹெர்ட்ஸ் மானிட்டர்களில் எல்லை பெரும்பாலும் 48 முதல் 75. கீழ் எல்லைக்கு அடியில் போனால் ஒரே ஃபிரேமை இரண்டு முறை காட்டிச் சமாளிக்கும் வித்தை, மேல் எல்லை கீழ் எல்லையின் இரண்டு மடங்காவது இருந்தால்தான் நடக்கும். 75-க்கு அந்த இடமில்லை. 45 ஃபிரேமில் ஓடினால் கிழிசலும் குலுக்கலும் பழையபடி வரும், கிராபிக்ஸ் அமைப்புகளைக் குறைப்பதே வழி.

எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டிய ஒன்றைக் கடைசியில் சொல்கிறேன். சின்னது என்பதால் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, விண்டோஸ் அதை 60-இல் ஓட்டிக்கொண்டிருக்கும். கேபிள் மாற்றிய பிறகும் டிரைவர் புதுப்பித்த பிறகும் இப்படி ஆகும். லிமிட்டர் 141, திரை 60, விசிங்க் போட்டிருக்கிறது என்றால் வரிசை எப்போதும் நிரம்பியேதான் இருக்கும். முழுத்திரையில் சில விளையாட்டுகள் விண்டோஸ் அமைப்பைக் கேட்காமல் தாங்களாகவே 60-ஐத் தேர்ந்தெடுக்கும். எனவே டெஸ்க்டாப்பில் பார்த்தால் மட்டும் போதாது. விளையாட்டு ஓடும்போதே மானிட்டரின் சொந்த மெனு பட்டனை அழுத்தி, அங்கே காட்டும் ஹெர்ட்ஸைப் பாருங்கள். வேகம் மாறும் வசதி உண்மையிலேயே வேலை செய்தால், பல மானிட்டர்களில் அந்த எண் ஃபிரேமோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருக்கும். அசையாமல் நின்றால் மானிட்டர் மெனுவிலோ டிரைவரிலோ அது அணைந்திருக்கிறது.

எல்லாம் மாற்றிய பிறகு, பலித்ததா என்று கையை மட்டும் நம்ப வேண்டாம். 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் உள்ள கைபேசி இருந்தால் போதும். திரையும் மவுஸ் பட்டனும் ஒரே சட்டத்தில் விழும்படி வைத்து, துப்பாக்கி சுடுவது போல உடனே திரையில் தெரியும் ஏதாவது ஒன்றைப் பத்து முறை கிளிக் செய்து படம் எடுங்கள். விளையாட்டு தொடங்கிய முதல் பத்து நொடிக்குள் ஒரு தொகுதி, இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு தொகுதி. வீடியோவில் ஒரு ஃபிரேம் 4.2 மில்லிநொடி. பட்டன் அழுந்தியதிலிருந்து திரையில் வெளிச்சம் தெரியும்வரை ஃபிரேம்களை எண்ணிச் சராசரி எடுங்கள். ஒவ்வொரு கிளிக்குக்கும் நாலைந்து ஃபிரேம் முன்பின் இருப்பது இயல்பு, திரைச் சுற்றின் எந்தப் புள்ளியில் அழுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சில கைபேசிகள் 120-இல் எடுத்து நடுவில் தாமாகவே ஃபிரேம் சேர்த்து 240 என்று காட்டும், அவை இதற்கு உதவாது. இரண்டாவது தொகுதியின் சராசரி எட்டு, பன்னிரண்டு ஃபிரேம் கூடியிருந்தால் வரிசை இன்னும் நிரம்பிக்கொண்டுதான் இருக்கிறது. லிமிட்டரை இன்னொரு 0.01 இறக்கி மறுபடி எண்ணுங்கள்.